தொலைந்த மூலம், கையிலிருக்கும் முத்திரை

"படம் ரொம்ப நல்லா இருக்கு சார். நடுவுல உங்க பேர் இல்லாம அனுப்பி வைங்க, காலண்டருக்குப் போட்டுடலாம்."

சிவகாசி அச்சகத்துக்காரர் கேட்டது நியாயமான கோரிக்கைதான். ஆனால் மதுரை ஓவியரிடம் அப்படி ஒரு படம் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் காட்சி அது. தங்கக் குதிரை, பச்சைப் பட்டு, வைகை மணலில் தலைகளாக நிறைந்த கூட்டம். மாதக்கணக்கில் டேப்லெட்டில் வரைந்த படம். லேயர்களோடு கூடிய மூலக் கோப்பு இருந்த மடிக்கணினியின் டிஸ்க் செத்துவிட்டது. மிஞ்சியது, நடுவே வெள்ளை எழுத்தில் அவர் பெயரும், அடியில் அவர் இணைய முகவரியும் பதிந்த ஒரு ஜேபெக் படம்தான். திருடர்களுக்காகப் போட்ட பூட்டு அது. இப்போது வீட்டுக்காரரே வெளியே நிற்கிறார்.

இந்த நிலைக்கு வரும் ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் உடனே செய்வது, ஃபோட்டோஷாப்பைத் திறந்து ஹீலிங் பிரஷ்ஷால் எழுத்துகளைத் தேய்ப்பது. அந்த பிரஷ், எழுத்துக்கு அடியில் இருப்பதைத் தூக்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் இருப்பதைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. பட்டின் மடிப்பு மழுங்கும். குதிரையின் சேணத்தில் வரைந்த மணிகள் குழம்பும். ஓவியர் பார்த்துப் பார்த்து இட்ட தீற்றல் போய், கணினி ஒட்டுப்போட்ட துணி மிஞ்சும். அந்நியர் ஒருவருக்கு அதைத் தவிர வேறு வழியில்லாமல் இருக்கலாம். உரியவருக்கு அதைவிட மிக நல்ல வழி உண்டு, ஏனென்றால் முத்திரை அவருடையது. எந்த எழுத்துரு, என்ன அளவு, எத்தனை சதவீத ஒபாசிட்டி, நிழல் உண்டா என்பதெல்லாம் அவர் கையிலிருந்தே வந்தவை. அதனால் அவர் ஊகிக்க வேண்டாம், கழித்தாலே போதும்.

கழிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. மூலம் உண்மையிலேயே தொலைந்துவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும். கிரிட்டாவில் வரைந்திருந்தால், அதே ஃபோல்டரில் `.kra~` என்று முடியும் பழைய பிரதி ஒன்று இருக்கக்கூடும். அந்த மென்பொருள் சேமிக்கும்போது முந்தைய பிரதியை அப்படித்தான் ஒதுக்கி வைக்கிறது. தவறுதலாக அழித்த கோப்பு என்றால், அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு, ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளை வேறொரு டிஸ்க்கிலிருந்து ஓட்டலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் வாய்ப்பு குறைவு, அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். முன்பு படம் வாங்கியவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களையும் தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கியிருக்கும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பியது அப்படியே இருக்கும்.

பலரும் மறக்கும் இடம் ஒன்று உண்டு. வரைவதைப் பதிவு செய்த வீடியோ. வாட்டர்மார்க்கைப் பெரும்பாலோர் படத்தை ஏற்றுமதி செய்யும்போதுதான் போடுகிறார்கள். வரையும் செயலி தானே பதிவு செய்த டைம்லாப்ஸ் வீடியோவின் கடைசி ஃபிரேமில் அது இருக்காது. மதுரை ஓவியரிடம் அப்படி ஒரு வீடியோ இருந்தது. அகலம் 1080 பிக்சல்தான், அச்சுக்கு ஆகாது. ஆனாலும் அது பின்னால் பெரிய உதவியாக வந்தது.

எந்தப் பிரதியை எடுத்துக்கொள்வது என்பதிலும் கவனம் வேண்டும். சமூக ஊடகத்தில் ஏற்றிய படம் சுருக்கப்பட்டிருக்கும். 1080 பிக்சல் அகலமுள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அடித்தால் 3.6 அங்குலம்தான் வரும், காலண்டர் ஓரத்துக்குக்கூடப் போதாது. வாட்டர்மார்க்கை எடுப்பதால் தொலைந்த பிக்சல்கள் திரும்பி வராது. ஓவியரின் மின்னஞ்சலில் 3600-க்கு 4800 பிக்சல் அளவுள்ள பிரதி ஒன்று கிடைத்தது. 12 அங்குலத்துக்கு 16 அங்குலம் அடிக்கலாம். வேலையை அதில்தான் தொடங்கினார்.

கறுப்புத் தாள், வெள்ளைத் தாள்

பாதி ஒளிபுகும் வாட்டர்மார்க் அடியில் இருப்பதை அழிப்பதில்லை, அதனோடு கலக்கிறது. ஒபாசிட்டி 30 சதவீதம் என்றால், அந்த இடத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் 70 பங்கு ஓவியமும் 30 பங்கு வெள்ளையும் இருக்கின்றன. கணினியில் கறுப்பு 0, வெள்ளை 255. வானத்தில் 120 என்ற அளவுள்ள ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் 70 சதவீதம் 84. வெள்ளையின் 30 சதவீதம் 76.5. இரண்டும் சேர்ந்து 160.5, கணினி அதை 161 என்று எழுதிவிடும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் 120 கிடைத்துவிடும் அல்லவா?

கிடைக்கும், ஒபாசிட்டி சரியாகத் தெரிந்திருந்தால். அது 25 சதவீதம் என்று தவறாக நினைத்துக் கழித்தால் 130 வரும். எழுத்தின் வெளிறிய ஆவி படத்தில் நின்றுவிடும். 35 என்று நினைத்தால் 110 வரும். இப்போது கறுத்த ஆவி. போதாக்குறைக்கு எழுத்தின் ஓரங்களில் ஒபாசிட்டி படிப்படியாகக் குறைகிறது, நிழல் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. இவற்றையெல்லாம் நினைவிலிருந்து சொல்ல யாராலும் முடியாது.

அந்தத் தேவையே இல்லாமல் செய்துவிடும் ஓர் எளிய உபாயம் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அதே செயலியில், அதே முத்திரை அமைப்பை, படத்தின் அதே அளவுள்ள முழுக் கறுப்புத் தாள் ஒன்றின் மீதும் முழு வெள்ளைத் தாள் ஒன்றின் மீதும் பதிக்க வேண்டும். கறுப்புத் தாளில் தெரிவது, முத்திரை படத்தில் கூட்டிய வெளிச்சம் முழுவதும். வெள்ளைத் தாளில் தெரிவதிலிருந்து கறுப்புத் தாளில் தெரிவதைக் கழித்தால், ஓவியத்தில் எவ்வளவு பங்கை முத்திரை உள்ளே விட்டது என்பது ஒவ்வொரு பிக்சலுக்கும் தெரிந்துவிடும். எழுத்தின் ஓரம், நிழல், நிறம், ஒபாசிட்டி எல்லாம் இந்த இரண்டு தாள்களுக்குள் அடங்கிவிடுகின்றன. முத்திரையிட்ட படம் C, கறுப்புத் தாள் K, வெள்ளைத் தாள் H என்றால், பழைய ஓவியம் இது:

```
A = 255 × (C − K) / (H − K)
```

நம் வானத்துப் புள்ளியில் சோதித்துப் பார்ப்போம். கறுப்புத் தாளில் அந்த இடம் 77, வெள்ளைத் தாளில் 255. வித்தியாசம் 178. படத்தில் உள்ள 161-லிருந்து 77 போக 84. அதை 255-ஆல் பெருக்கி 178-ஆல் வகுத்தால் 120.3. முழு எண்ணாக்கினால் 120, தொலைந்த அதே அளவு. எழுத்துக்குக் கீழே 20 சதவீதக் கறுப்பு நிழல் விழுந்த இடத்தைப் பாருங்கள். அங்கே கறுப்புத் தாள் 0, வெள்ளைத் தாள் 204. பழைய 120 அந்த நிழலில் 96 ஆகியிருக்கும். 96-ஐ 255-ஆல் பெருக்கி 204-ஆல் வகுத்தால் மீண்டும் 120. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் ஒரே சூத்திரம்தான்.

மதுரை ஓவியருக்கு அதிர்ஷ்டம், முத்திரை இட்ட பழைய டேப்லெட்டும் அதிலிருந்த அமைப்பும் அப்படியே இருந்தன. 3600-க்கு 4800 அளவில் இரண்டு வெற்றுத் தாள்களை உருவாக்கி முத்திரையைப் பதித்து, பிஎன்ஜி வடிவில் எடுத்தார். தாளின் அளவு ஒரு பிக்சல்கூட மாறக்கூடாது. பல செயலிகள் முத்திரையின் அளவையும் இடத்தையும் தாளின் அளவைப் பொறுத்துத்தான் தீர்மானிக்கின்றன.

மீதி வேலையை ஃபோட்டோஷாப்பிலோ கிரிட்டாவிலோ லேயர்களை வைத்தே முடிக்கலாம். முதலில் தனியாக ஒரு கோப்பில் வெள்ளைத் தாளைக் கீழும் கறுப்புத் தாளை மேலும் வைத்து, மேல் லேயரை Subtract என்ற கலப்பு முறையில் போட்டு, இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். பிறகு படத்தைத் திறந்து, அதை 16 பிட்டுக்கு மாற்றி, மேலே கறுப்புத் தாளை Subtract முறையிலும், அதற்கும் மேலே முன்பு ஒன்றாக்கிய தாளை Divide முறையிலும் வைத்தால், திரையில் எழுத்து மறையும். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது சில வரி வேலை:

```python
import numpy as np
from PIL import Image

def padi(n):
    return np.asarray(Image.open(n).convert("RGB")).astype(float)

c, k, h = padi("padam.jpg"), padi("black.png"), padi("white.png")
a = 255 * (c - k) / np.maximum(h - k, 10)
a = np.clip(a.round(), 0, 255).astype("uint8")
Image.fromarray(a).save("meetpu.png")
```

கிம்ப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் புதிய கலப்பு முறைகள் வேறுவிதமான ஒளிக் கணக்கில் இயங்குபவை. அங்கே நிரல் வழியே போவதுதான் நிம்மதி. எந்த மென்பொருளானாலும் நிறங்களை அச்சுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும் முன்பே கழித்துவிட வேண்டும். முத்திரை ஆர்ஜிபியில் கலந்தது, பிரிவதும் அங்கேதான் பிரியும்.

எழுத்து போனாலும் தடம் போகாதபோது

சூத்திரம் சரி என்பதால் முதல் முறையே படம் சுத்தமாக வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தவறு எங்கே என்பதைப் படமே காட்டிக் கொடுக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

எழுத்தின் ஒரு பக்க விளிம்பு வெளுத்தும் எதிர்ப்பக்க விளிம்பு கறுத்தும், கல்லில் செதுக்கியதுபோல் தெரிந்தால் தாள்கள் படத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இரண்டு தாள்களையும் சேர்த்துப் பிடித்து, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திப் பார்க்க வேண்டும். முழு பிக்சல் நகர்த்தியும் ஒட்டவில்லை என்றால், முத்திரை இட்ட பிறகு யாரோ படத்தின் அளவை மாற்றியிருக்கிறார்கள். அப்போது தாள்களையும் அதே விகிதத்தில் மாற்றித்தான் பார்க்க வேண்டும். அப்போதும் துல்லியம் குறையும். ஏற்றுமதி செய்தபடியே இருக்கும் பிரதியைத் தேடச் சொல்வது இதற்காகத்தான்.

விளிம்பு சரியாக இருந்து, எழுத்தின் உட்புறம் முழுவதும் சீராக வெளிறியோ கறுத்தோ இருந்தால், அன்று இட்ட ஒபாசிட்டி வேறு, இன்று தாளில் இட்ட ஒபாசிட்டி வேறு. வெளிறியிருந்தால் இன்று குறைவாக இட்டிருக்கிறீர்கள், கறுத்திருந்தால் அதிகம். அமைப்பை மாற்றித் தாள்களை மறுபடி எடுக்க வேண்டும்.

முழு வெளிச்சத்திலும் முழு இருட்டிலும் எழுத்து மறைந்து, இடைப்பட்ட இடங்களில் மட்டும் தெரிகிறதா? அப்படியானால் முத்திரை சாதாரண முறையில் கலந்ததல்ல. சாதாரணக் கலப்புக்கும், Multiply, Screen ஆகிய முறைகளுக்கும் மேலே சொன்ன சூத்திரம் பொருந்தும். Overlay, Soft Light ஆகியவற்றுக்குப் பொருந்தாது. சந்தேகம் வந்தால் மூன்றாவதாக 128 என்ற நடுச் சாம்பல் நிறத் தாள் ஒன்றில் முத்திரையைப் பதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு இடத்திலும் அதன் அளவு கறுப்புத் தாளுக்கும் வெள்ளைத் தாளுக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருந்தால் சூத்திரம் செல்லும். விலகினால், கறுப்பிலிருந்து வெள்ளை வரை பல சாம்பல் தாள்களில் பதித்து, எந்த அளவு எதுவாக மாறுகிறது என்ற பட்டியலை எடுத்து, அதைத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கும். வேலை அதிகம், ஆனால் செய்யக்கூடியதே.

இவை எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது ஜேபெக். அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. எழுத்தின் கூரான விளிம்பு வரும் கட்டங்களில் நுண்ணிய அலைகளை விட்டுச் செல்கிறது. கழிக்கும்போது எழுத்து போகும், அலைகள் நிற்கும். நிற்பது மட்டுமல்ல, பெருகவும் செய்யும். 30 சதவீத முத்திரையில் நாம் 255-ஐ 178-ஆல் வகுத்த அளவால், அதாவது சுமார் 1.4 மடங்கு பெருக்குகிறோம். பிழையும் அதே அளவு பெருகும். 80 சதவீத முத்திரை என்றால் வித்தியாசம் 51 மட்டுமே, ஐந்து மடங்குப் பெருக்கம். பிஎன்ஜியாக இருந்தாலும்கூட அந்த இடத்தில் 256 நிலைகள் இருந்த நிறம் 52 நிலைகளாகச் சுருங்கியிருக்கும். வானத்தின் மென்மையான நிறமாற்றம் பட்டை பட்டையாகத் தெரியும். என் கணிப்பில், 50 சதவீதம் வரையுள்ள முத்திரையைக் கழிக்கலாம். அதற்கு மேலே போனால் கழித்து வருவதை வரைவதற்கான வழிகாட்டியாக மட்டும் கொள்ள வேண்டும்.

அழகர் படத்தில் ஜேபெக் செய்த இன்னொரு சேதம் பட்டில் தெரிந்தது. ஜேபெக் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தோடும் சேமிக்கிறது. அதனால் வெள்ளை எழுத்தின் வெளிறல் எழுத்தைத் தாண்டி ஓரிரு பிக்சல் பட்டின் பச்சைக்குள் கசிந்திருந்தது. எழுத்து போன பிறகு, அது இருந்த இடத்தைச் சுற்றி உயிரற்ற சாம்பல் பச்சையில் ஒரு மெல்லிய கோடு ஓடியது. அழகர் என்ன நிறப் பட்டில் இறங்குகிறார் என்று ஊரே பார்க்கும் காட்சியில் அதை அப்படியே விட முடியாது. ஓவியர் மேலே ஒரு புதிய லேயர் போட்டு, அதை Color என்ற கலப்பு முறைக்கு மாற்றி, பக்கத்துப் பச்சையைத் தொட்டுத் தொட்டு அந்தக் கோட்டின் மீது மட்டும் தீட்டினார். அந்த முறை நிறத்தை மட்டும் மாற்றும், வெளிச்சத்தையும் மடிப்பையும் தொடாது. அலைகள் தெரிந்த விளிம்புகளில் ஹீலிங் பிரஷ்ஷை இரண்டு மூன்று பிக்சல் அளவுக்கு வைத்துத் தொட்டார். தொடக்கத்தில் தள்ளி வைத்த பிரஷ்ஷுக்கு இங்கேதான் சரியான வேலை. எழுத்து முழுவதையும் அது நிரப்ப வேண்டாம், மயிரிழை அளவுத் தடத்தை ஆற்றினால் போதும்.

முடிந்ததா என்று கண்ணை நம்பக் கூடாது. தன் பெயர் எங்கே இருந்தது என்று ஓவியருக்குத் தெரியும், அது இல்லாதபோதும் அவர் கண்ணுக்குத் தெரியும், இருக்கும்போது பழகிப்போய்த் தெரியாமலும் போகும். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே ஒரு தற்காலிக Curves லேயரை வைத்து மாறுபாட்டைக் கடுமையாக ஏற்றிப் பார்க்க வேண்டும். மறைந்திருக்கும் ஆவி எழுத்து எங்கிருந்தாலும் மேலெழுந்து வரும். கடைசியாக, முத்திரை இருந்த பகுதியை மட்டும் உண்மை அளவில் ஒரு தாளில் அச்சடித்துப் பார்ப்பது நல்லது. திரையில் தப்பியது காகிதத்தில் சிக்கும்.

அடியில் ஒன்றும் மிஞ்சாத இடம்

படத்தின் அடியில் இருந்த இணைய முகவரி வேறு வகை. அது முழுக்க ஒளிபுகாத எழுத்து. அங்கே வெள்ளைத் தாளும் கறுப்புத் தாளும் ஒரே அளவைக் காட்டின, வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க எந்த மென்பொருளாலும் முடியாது. அடியில் இருந்த ஓவியம் அந்தக் கோப்பில் இல்லை.

இந்த இடத்தில் டைம்லாப்ஸ் வீடியோ கைகொடுத்தது. கடைசி ஃபிரேமை எடுத்து, 3600 பிக்சல் அகலத்துக்குப் பெரிதாக்கி, படத்தின் மேலே ஒரு லேயராக வைத்தார். வீடியோவின் ஒரு பிக்சல் ஓவியத்தின் சுமார் 11 பிக்சல்களை மூடியது, ஆகவே மங்கல்தான். ஆனால் எந்தத் தலைக்குப் பக்கத்தில் எந்தத் தலை, மணல் எங்கே முடிந்து நீர் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் இருந்தன. வீடியோவின் நிறம் சற்று மாறியிருந்தது. எழுத்துக்கு வெளியே உள்ள மணலோடு ஒப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்தார். அதன் மேல், முகவரி இருந்த 900-க்கு 60 பிக்சல் பட்டையை ஓவியர் தன் பழைய பிரஷ் அமைப்பிலேயே மறுபடி வரைந்தார். காகிதத்தில் அது மூன்று அங்குல நீளம், ஐந்து மில்லிமீட்டர் உயரம்.

"மணலை மட்டும் கம்ப்யூட்டர் நிரப்பட்டும்னு விட்டேன். தலைங்களை நானே வரைஞ்சேன். அந்தக் கூட்டத்துல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கம் பாக்கணும் இல்லையா?" என்றார் அவர். சரியான பிரிவினை அது. மணல், வானம், சுவர் போல ஒரே தன்மையுள்ள இடங்களில் ஃபோட்டோஷாப்பின் Content-Aware Fill, கிரிட்டாவின் ஸ்மார்ட் பேட்ச், கிம்ப்புக்கான ரீசிந்தசைசர் எல்லாமே நன்றாக வேலை செய்யும். முகம், கை, எழுத்து, நகை ஆகியவற்றில் அவை பக்கத்தில் இருப்பதை நகலெடுத்து ஒட்டும். ஒரே முகம் இரண்டு இடத்தில் வந்துவிடும்.

டேப்லெட் இல்லாமல், முத்திரை அமைப்பும் தொலைந்திருந்தால் என்ன செய்வது? அப்போதும் உரியவருக்கு ஒரு வழி மிச்சம் உண்டு. அதே அளவில், அதே முத்திரை பதித்த வேறு ஓவியங்கள் இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு மூலமும் இருக்கும். முத்திரை உள்ளதும் இல்லாததுமாக இரண்டு ஓவிய ஜோடிகள் கிடைத்தால், முத்திரை எவ்வளவு சேர்த்தது, எவ்வளவு விட்டது என்ற இரண்டையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்கிட்டுவிடலாம். இரண்டு ஓவியங்களும் ஒரே நிறமாக இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு தடுமாறும், அதனால் ஜோடிகள் கூடக்கூட நல்லது. மூலமே இல்லாமல்கூட இது முடியும் என்று 2017-இல் கூகுளின் ஆய்வாளர்கள் டாலி டெக்கெல், மைக்கேல் ரூபின்ஸ்டீன், சே லியு, வில்லியம் ஃப்ரீமன் ஆகியோர் காட்டினார்கள். நிறையப் படங்களில் ஒரே முத்திரை இருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவானது எது என்று பார்த்தே முத்திரையைப் பிரித்தெடுத்துவிடலாம் என்பது அவர்கள் கண்டது. படத்துக்குப் படம் முத்திரையைச் சற்றே நெளித்துவிட்டால் அப்படிப் பிரிப்பது கடினமாகிறது என்றும் சொன்னார்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே முத்திரையைக் குத்துவது உரியவருக்கு எவ்வளவு வசதியோ, திருடுபவருக்கும் அவ்வளவு வசதி. ஓவியர்கள் இதைத் தெரிந்துகொண்டே முத்திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரைந்தவர் எப்போதும் உரியவரா?

"என் படம், என் பெயர், நான் எடுக்கிறேன்" என்பது பெரும்பாலும் சரிதான், எப்போதும் சரியல்ல. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் 65பி என்ற பிரிவைச் சேர்த்தது. படைப்பு யாருடையது என்று காட்டும் உரிமைத் தகவலை, அதிகாரமில்லாமல், தெரிந்தே நீக்குவது அதன்படி குற்றம். இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. படைப்பின் உரிமை தன்னிடம் உள்ளவர் தன் பெயரை நீக்கினால் அதிகாரமில்லாமல் நீக்கியதாகாது. சிக்கல், உரிமை யாரிடம் என்பதில் இருக்கிறது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வேலையின் பகுதியாக வரைந்தது, பொதுவாக முதலாளிக்குப் போகும். ஆகவே பழைய படத்தில் கை வைக்கும் முன், அது யாருக்காக வரைந்தது, என்ன எழுதிக் கொடுத்தோம் என்று பார்த்துவிட வேண்டும். அழகர் படம் யாரும் கேட்காமல், ஓவியர் தன் ஆசைக்கு வரைந்தது. அதில் தடையில்லை.

அச்சகத்துக்காரரும் இதைக் கேட்கலாம், கேட்பது நல்லதும்கூட. முத்திரை நீக்கிய படத்தோடு தொடக்க ஸ்கெட்ச், வரைந்த வீடியோ, தேதியுள்ள பழைய மின்னஞ்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எந்த இடத்தை மறுபடி வரைந்தோம் என்பதையும் ஒரு வரியில் எழுதி வைப்பது நேர்மை. ஓவியத்தின் கீழ் ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டர் பட்டை ஒன்று பின்னால் வரைந்தது என்று மதுரை ஓவியர் எழுதியே கொடுத்தார்.

படங்களில் பெயரைக் குத்தி வெளியிடும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் முத்திரையை இன்றே ஒரு கறுப்புத் தாளிலும் ஒரு வெள்ளைத் தாளிலும், நீங்கள் வழக்கமாக வரையும் ஒவ்வொரு அளவிலும் பதித்து, பிஎன்ஜியாக எடுத்து, உங்கள் கணினிக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையில் எங்கும் 50 சதவீதத்துக்கு மேல் ஒபாசிட்டி வைக்காதீர்கள். வெளியிடும் ஒவ்வொரு படத்துக்கும் முத்திரையில்லாத முழு அளவு பிஎன்ஜி ஒன்றை வேறொரு டிஸ்க்கில் சேமித்து வையுங்கள். அந்தப் பிரதி இருந்தால் மேலே சொன்ன எதுவுமே உங்களுக்குத் தேவைப்படாது.